வெள்ளவத்தைத் தேநீர்க் கடையின் சமப்பாட்டுப் புள்ளி

உயர்தர வணிகப் பிரிவு மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே கடையை எடுத்துக்கொள்கிறேன். தொகைகள் பயிற்சிக்காக நான் வைத்தவை. வெள்ளவத்தையில் ஒரு சிறு கடை, பால்தேநீர் மட்டும். ஒரு கோப்பை விலை ரூபா 100. தேயிலை, பால்மா, சீனி, எரிவாயு, காகிதக் கோப்பை சேர்த்து மாறும் கிரயம் ரூபா 60. மாத வாடகை, உதவியாளர் சம்பளம் முதலிய நிலையான கிரயம் ரூபா 96,000. விலையிலிருந்து மாறும் கிரயத்தைக் கழித்தால் கோப்பைக்குப் பங்களிப்பு ரூபா 40 என்பதால், இலாபமும் நட்டமும் இல்லாத சமப்பாட்டுப் புள்ளி 96,000 ÷ 40 = 2,400 கோப்பை. 30 நாள் திறந்தால் நாளுக்கு 80.

என் வரைபில் விற்பனைக் கோடும் மொத்தக் கிரயக் கோடும் பூச்சியத்திலேயே சந்திக்கின்றன. ஏன்? (கொட்டாஞ்சேனை மாணவி)

மொத்தக் கிரயக் கோட்டைப் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். விடைத்தாள்களில் நான் அதிகம் காணும் பிழை இதுதான். ஒரு கோப்பைகூட விற்காத மாதத்திலும் வாடகையும் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். ஆகவே அந்தக் கோடு நிலைக்குத்து அச்சில் 96,000இல் தொடங்க வேண்டும். நீங்கள் வரைந்தது மாறும் கிரயக் கோடு. வெட்ட வேண்டிய இரு கோடுகளில் விற்பனைக் கோடு மட்டுமே பூச்சியத்தில் பிறக்கும்.

சூத்திரத்தில் 2,400, வரைபில் 2,300. எது பிழை?

பெரும்பாலும் பென்சில். கிடை அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 400 கோப்பை, நிலைக்குத்தில் 1 சென்ரிமீற்றருக்கு ரூபா 40,000 என எடுங்கள். இரு கோடுகளும் குறுகிய கோணத்தில் வெட்டுவதால், கிரயக் கோடு ஒரு மில்லிமீற்றர் கீழிறங்கினாலே விடை 100 கோப்பை குறைந்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இணைக்காதீர்கள். பூச்சியத்திலும் 4,000 கோப்பையிலும் புள்ளியிட்டு (அங்கே விற்பனை 400,000, கிரயம் 336,000) கூரான பென்சிலால் இணையுங்கள். இரு கோடுகளும் 2,400 கோப்பை, ரூபா 240,000இல் வெட்டும்.

பால்மா விலை ஏறினால் கோடு மேலே நகருமா?

நகராது, சாயும். தொடக்கம் 96,000இலேயே நிற்க, சரிவு மட்டும் கூடும். மாறும் கிரயம் 68 ஆனால் பங்களிப்பு 32, புள்ளி 3,000 கோப்பை. எட்டு ரூபா உயர்வுக்காக நாளுக்கு இன்னும் 20 பேர் வர வேண்டியிருக்கிறது! வாடகை ஏறினால்தான் முழுக் கோடும் சமாந்தரமாக மேலெழும். பரீட்சையில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும்.

கடையில் பிளேன்டீயும் விற்றால்?

அதன் பங்களிப்பு வேறு. இரண்டும் எந்த விகிதத்தில் விற்கின்றன என்று முதலில் நிலைப்படுத்தி, நிலையான கிரயத்தை அந்த விகிதப்படியான சராசரிப் பங்களிப்பால் வகுக்க வேண்டும். விகிதம் மாறினால் புள்ளியும் மாறும். பழைய வரைபு அப்போது செல்லாது.