புதுக் காருக்கு ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், கன்ஸ்யூமபிள்ஸ்: எடுக்கலாமா, வேண்டாமா? – கேள்வி பதில்

இன்சூரன்ஸ் கிளைமுக்காக வண்டிச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் சர்வேயராகப் பல வருடம் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைந்தவன் நான். வந்த கேள்விகளில் கார் இன்சூரன்ஸோடு தனிப் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் இந்த இரண்டு ஆட்-ஆன் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கோவையிலிருந்து: அண்ணா, எக்ஸ் ஷோரூம் 9 லட்சத்துக்குக் கார் எடுக்கிறேன். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், அதாவது ஆர்டிஐ-க்குத் தனியாக 2,100 ரூபாய் போட்டிருக்கிறார்கள். முதல் வருடம் மட்டும் எடுத்துவிட்டு அப்புறம் விட்டுவிடலாமா?

முதல் வருடம் எடுத்துவிட்டு இரண்டாம் வருடம் விடுவதுதான் பலரும் செய்யும் தப்பு, தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் போனால் சாதாரண பாலிசி தரும் உச்சத் தொகைக்குப் பெயர் ஐடிவி, புதுக் காருக்கு 5% கழித்து அது 8,55,000 வரும். கார் திருடு போனால் இன்வாய்ஸுக்கும் ஐடிவிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆர்டிஐ தரும், இங்கே அது 45,000 ரூபாய்தான். ஆனால் தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் சாலை வரி 13%. அது 1,17,000 ரூபாய். ஐடிவியில் இந்த வரி சேராது. சாலை வரியையும் தரும் ஆர்டிஐ என்றால் முதல் வருடத்திலேயே 1,62,000 ரூபாய் உங்களுக்குக் கூடுதலாக வரும்.

ஒரு வயதைத் தாண்டிய காருக்கு 20% கழிப்பார்கள். ஐடிவி 7,20,000 ஆகிவிடும், இன்வாய்ஸும் வரியும் சேர்ந்த தொகைக்கும் அதற்கும் உள்ள பள்ளம் 2,97,000. மூன்றாம் வருடம் 30% கழிந்தால் பள்ளம் 3,87,000. பிரீமியம் பெரிதாக ஏறாத வரை, வருடம் ஏற ஏறத்தான் இதற்கு மதிப்பு. மூன்று வருடத்துக்கு மேல் பல கம்பெனிகள் தருவதே இல்லை. நம் காரின் சேதத்தைப் பார்க்கும் ஓன் டேமேஜ் பாலிசி வருடாவருடம் புதுப்பிப்பது என்பதால் ஆர்டிஐ தானாகத் தொடராது. ரினியூவல் அன்று அந்தப் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

லோன் 90% போட்டிருந்தால் நான் யோசிக்காமல் ஆர்டிஐ எடுப்பேன். கிளைம் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும். இரண்டாம் வருடத்தில் கார் போனால் பாக்கிக் கடன் அடைந்த பிறகு உங்கள் கைக்கு என்ன மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள்.

சென்னையிலிருந்து: மிக்ஜாம் வெள்ளத்தில் என் கார் முங்கியது. ஐடிவி 6 லட்சம், எஸ்டிமேட் 4 லட்சம். ஆர்டிஐ இருந்தும் ரிப்பேர்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஏமாந்துவிட்டேனா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ். உங்களுக்கு அந்தக் கோடு 4,50,000. திருட்டு, டோட்டல் லாஸ் இரண்டைத் தவிர வேறு எதற்கும் ஆர்டிஐ வாய் திறக்காது.

ஆனால் அந்த 4 லட்சம் எப்போது போட்ட எஸ்டிமேட் என்பதைக் கேட்டிருக்க வேண்டும். வெள்ளத்தில் முங்கிய காருக்கு வெளியிலிருந்து பார்த்துப் போடும் முதல் எஸ்டிமேட் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் சேறு அப்பிய ஒயரிங் தெரியும். கனெக்டரைப் பிரித்தால் பின்னில் பச்சை பூத்திருக்கும். அதையெல்லாம் சேர்த்தால் செலவு எங்கோ போகும். அதனால் முழுதாகக் கழற்றிப் பார்த்து, இரண்டாவது எஸ்டிமேட் வந்த பிறகே ரிப்பேருக்குச் சம்மதம் தர வேண்டும். ரிப்பேர் முடிந்து கணக்கும் தீர்ந்த பிறகு இதைத் திருப்புவது கஷ்டம். இன்னொன்று: தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்திருந்து, இன்ஜின் புரொடெக்ட் கவரும் இல்லையென்றால் அந்த இன்ஜின் செலவை 75% கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு.

திருச்சியிலிருந்து: ஜீரோ டெப் எடுத்தாலே பில் முழுக்க வந்துவிடும். கன்ஸ்யூமபிள்ஸ் என்று தனியாக விற்பது தேவையில்லாத வேலை.

பாதி சரி. ஜீரோ டெப் பார்க்கும் விஷயம், மாற்றும் பாகத்தின் தேய்மானம். பம்பர் மாதிரி பிளாஸ்டிக்குக்குப் பிடிக்கும் 50% பிடிக்கப்படாது. ஊற்றித் தீரும் பொருளுக்கும், ஒருமுறை கழற்றினால் தூக்கிப் போடும் பொருளுக்கும் அது பொறுப்பில்லை, அவற்றுக்குத்தான் கன்ஸ்யூமபிள்ஸ்.

என் பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் லாரியின் பின்னால் மோதினார். பம்பர், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் மூன்றும் மாற்றினார்கள். ஜீரோ டெப் இருந்ததால் பாகங்களுக்கு முழுப் பணம் வந்தது. கூலன்ட் 1,350, ஏசி கேஸ் 1,900, கிளிப்பும் போல்ட்டும் 640. ஆக 3,890 ரூபாய் அவர் கையிலிருந்து. கிளைமில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் வேறு. அவருக்கு வந்த கொட்டேஷனில் கன்ஸ்யூமபிள்ஸ் 700 ரூபாய்க்கு இருந்தது.

அதே கார் பின் கதவில் அடி வாங்கியிருந்தால் அந்த இடத்தில் சில கிளிப்புகள்தான் வந்திருக்கும். பானட்டுக்குள்ளும் அடியிலும் படும் அடிக்குத்தான் இது உதவும். கல்லில் ஏறி ஆயில் சம்ப் உடைந்தால் இன்ஜின் ஆயில் மொத்தமாகப் போகும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் என்றால் அதன் விலையே தனி. மோசமான ரோட்டில் ஓட்டுபவர், ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர் எடுக்கட்டும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டால் சின்ன மேனுவல் காருக்கு நான் எடுக்க மாட்டேன். இது இல்லாமல் போனாலும் சில ஆயிரம்தான் நஷ்டம், ஆர்டிஐ இல்லாமல் போனால் லட்சம்.

சேலத்திலிருந்து: அப்படியென்றால் 10,000 கிலோமீட்டர் சர்வீஸில் ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் இதில் ஃப்ரீயா சார்?

இல்லைங்க. விபத்துக் கிளைம் ஏற்கப்பட்டால் மட்டும், அந்த ரிப்பேருக்கு வேண்டியது மட்டும். ஓடித் தேய்ந்ததற்கு ஒரு பைசா வராது. பெட்ரோலும் சேராது.

மதுரையிலிருந்து: 2025 மார்ச்சில் சின்ன பெட்ரோல் கார் எடுத்தேன். என் பாலிசியில், இன்வாய்ஸ் விலை அல்லது அதே மாடலின் இன்றைய விலை, இதில் எது குறைவோ அது என்று இருக்கிறது. ஜிஎஸ்டி குறைந்த பிறகு இது என்னைப் பாதிக்குமே?

பாதிக்கும். நுணுக்கமாகப் படித்திருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து உங்கள் வகைக் காருக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அன்று 9 லட்சத்துக்கு வாங்கிய கார், கம்பெனி அடிப்படை விலையைத் தொடாவிட்டால் இன்று சுமார் 8,23,000. கார் போனால் இந்த வாசகப்படி இந்தத் தொகைதான் உச்சம். அதற்காக ஆர்டிஐயை விட வேண்டாம், இரண்டாம் வருட ஐடிவியை விட இது லட்சம் ரூபாய்க்கு மேல் அதிகம். ஆனால் ரினியூவலில், இன்வாய்ஸ் விலையை மட்டும் சொல்லும் பாலிசி கிடைக்கிறதா என்று தேடுங்கள். பிரீமியம் 500 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

ஈரோட்டிலிருந்து: ஆர்டிஐ இருக்கிறதே, ஐடிவியைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தை மிச்சம் பிடித்தால் என்ன?

என் நண்பர்களிலேயே சிலர் இதைச் செய்கிறார்கள், நானும் அவர்களும் இதில் ஒத்துப்போனதே இல்லை. மீதியை ஆர்டிஐ நிரப்பிவிடும் என்பது அவர்கள் வாதம். ஐடிவி குறைந்தால் 75% கோடும் இறங்கி டோட்டல் லாஸ் சீக்கிரம் வரும் என்றும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு சரிதான். என் பயம் வேறு. சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம் இவற்றில் எதை ஆர்டிஐ தரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஏதாவது ஒரு வரியில் சிக்கி ஆர்டிஐ மறுக்கப்பட்டால், நீங்களே குறைத்துப் போட்ட ஐடிவிதான் கையில் மிஞ்சும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்கு நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன்.