வளர்ந்தது எத்தனை சதவீதம்? கால்பந்துப் பையன்களை முதிர்ச்சிப்படி பிரிப்பது

கேள்வி: கால்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். 12 முதல் 15 வயது வரை 40 பையன்கள். ஒரே வருடம் பிறந்தவர்களில் ஒருத்தனுக்கு மீசை அரும்பிவிட்டது, இன்னொருத்தன் அவன் தோளுயரத்துக்குத்தான் நிற்கிறான். வெளிநாட்டு அகாடமிகளில் உடல் முதிர்ச்சியை வைத்துப் பிரிக்கிறார்களாமே, எப்படிச் செய்வது? உயரம் பார்த்துப் பிரித்தால் போதாதா?

பதில்:

போதாது. 13 வயதில் 150 செ.மீ. இருக்கும் இரண்டு பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவனுடைய அப்பா அம்மா இருவரும் குட்டை. அவன் கடைசியில் 163 செ.மீ. வருவான் என்று கணக்கு சொல்கிறது. இன்னொருவன் 180 வரை போவான். முதல் பையன் தன் முழு உயரத்தில் 92 சதவீதத்தை ஏற்கெனவே எட்டிவிட்டான், இரண்டாமவன் 83 சதவீதத்தில்தான் இருக்கிறான். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஆனால் முதலாமவனுக்கு வளர்ச்சி வேகத்தின் உச்சமே வந்துவிட்டிருக்கும், தசையும் வேகமும் கூடத் தொடங்கியிருக்கும். இரண்டாமவன் இன்னும் சிறுவன். உயரம் பார்த்துப் பிரித்தால் இருவரையும் ஒரே குழுவில் போட்டுவிடுவீர்கள்.

அந்தச் சதவீதம்தான் இங்கிலாந்து அகாடமிகள் பயன்படுத்தும் அளவுகோல். பயோ-பேண்டிங் என்பது அதை வைத்துப் பிரிப்பதுதான். 85க்குக் கீழே, 85–90, 90–95, 95க்கு மேலே என்று நான்கு பட்டைகள் வழக்கம். முழு உயரத்தைக் கணிக்க, 1994இல் வந்த காமிஸ்-ரோச் முறை பெரும்பாலும் பயன்படுகிறது. எக்ஸ்ரே வேண்டாம். பையனின் வயது, உயரம், எடை, அவனைப் பெற்ற அப்பா அம்மா இருவரின் சராசரி உயரம், இவ்வளவு போதும். உயரம், எடை, பெற்றோர் சராசரி ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்ட, அரை வயதுக்கு ஒரு வரிசையாக வெளியான பெருக்கெண்கள் உண்டு. மூல அட்டவணை அங்குலத்திலும் பவுண்டிலும் இருக்கிறது. செ.மீ., கிலோவை அப்படியே போட்டுவிட்டு விடை ஏன் அபத்தமாக வருகிறது என்று விழிப்பவர்கள் நிறையப் பேர்.

அளப்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. செருப்பு, ஷூ இல்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி, பார்வை நேராக நிற்க வேண்டும். காலையில் அளந்ததற்கும் மாலையில் அளந்ததற்கும் ஒரு செ.மீ. வரை வித்தியாசம் வரலாம், அதனால் எப்போதும் ஒரே நேரத்தில் அளங்கள். இரண்டு முறை அளந்து, வித்தியாசம் அரை செ.மீ.க்கு நெருங்கினால் மூன்றாவது முறை. பெற்றோரை முடிந்தவரை நேரில் அளந்துவிடுங்கள். வாயால் சொல்லும் உயரத்தில், குறிப்பாக அப்பாக்கள் சொல்வதில், இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக இருப்பது சாதாரணம். அது கணிப்பை மேலே தள்ளும், சதவீதத்தைக் கீழே இழுக்கும். பையன் உண்மையைவிடப் பிந்தி வளர்பவனாகக் கணக்கில் தெரிவான்.

எல்லாம் சரியாக அளந்தாலும் கணிப்பு கணிப்புதான். பையன்களில் பாதிப் பேருக்குப் பிழை சுமார் 2 செ.மீ.க்குள் அடங்கும், பத்தில் ஒருவருக்கு 5 செ.மீ.யையும் தாண்டும். 158 செ.மீ. இருக்கும் ஒருவனுக்கு 177 என்று கணித்தால் 89.3 சதவீதம். உண்மையில் அவன் 172இல் நின்றுவிடுவான் என்றால் 91.9, 182 போவான் என்றால் 86.8. எனவே 90 என்ற கோட்டை இரும்பு வேலி ஆக்காதீர்கள். கோட்டுக்கு இரண்டு சதவீதம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருப்பவனை எந்தக் குழுவில் போடுவது என்பதைப் பயிற்சியாளர் கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும்.

இன்னொன்று, அந்தப் பெருக்கெண்கள் அமெரிக்க வெள்ளையர் குடும்பங்களின் குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து எடுத்தவை. நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பி உட்கார முடியாது. ஒரு குறுக்குச் சரிபார்ப்பு வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, ஆறு மாத வளர்ச்சியைப் பாருங்கள். இரண்டரை செ.மீ. என்றால் பொதுவாக வேகம் பிடிக்கவில்லை. நான்கைத் தாண்டினால் வளர்ச்சி வேகத்தில் இருக்கிறான். சதவீதம் 84 என்கிறது, பையனோ ஆறு மாதத்தில் ஐந்து செ.மீ. எகிறியிருக்கிறான் என்றால், பெற்றோர் உயரத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

பிரித்த பிறகு என்ன செய்வது? 2015இல் பிரீமியர் லீக் நடத்திய சோதனைப் போட்டியைப் பாருங்கள். நான்கு கிளப்புகளிலிருந்து 11 முதல் 14 வயது வரை, 85–90 சதவீதப் பட்டைக்குள் இருந்த பையன்களை மட்டும் எடுத்து, முழு மைதானத்தில் பதினொருவர் ஆட்டமாக ஆடவிட்டார்கள். அதன் பிறகு பையன்களிடமே பேசினார்கள். பிந்தி வளர்பவர்கள், பந்தை வைத்துத் தங்கள் திறமையைக் காட்ட இடம் கிடைத்தது என்றார்கள். இது எதிர்பார்த்ததுதான். என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது மறுபக்கம். முந்தி வளர்பவர்கள், உடல் வலு எடுபடவில்லை, சீக்கிரம் பாஸ் கொடுக்கவும் யோசித்து ஆடவும் வேண்டியிருந்தது என்றார்கள். 13 வயதில் தோளால் இடித்தே ஜெயித்துப் பழகியவன், 17 வயதில் எல்லோரும் அவன் அளவுக்கு வந்த பின் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறான். அவனுக்குத்தான் இந்த ஆட்டம் மருந்து.

ஆனால் வாரம் முழுக்க இப்படியே ஓட்டாதீர்கள். 14 வயதுப் பையனின் உடல் 12 வயதுக்காரனுடையது போல இருக்கலாம், மனம் அப்படி இல்லை. நண்பர்களும் ஆட்ட அறிவும் அவன் வயதுக் குழுவில்தான் இருக்கின்றன. பிந்தி வளர்பவனுக்குப் பெரியவர்களோடு மோதித் தப்பிக்கும் தந்திரமும் கொஞ்சம் வேண்டும். எப்போதும் நிழலில் வைத்தால் அது வராது. வழக்கமான பயிற்சி வயதுப்படி, நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை முதிர்ச்சிப்படி ஆட்டம் என்பது 40 பேருக்கு நடைமுறையில் சரிவரும். “கீழே இறக்கிவிட்டார்கள்” என்ற பேச்சு முதல் நாளே கிளம்பும், பெற்றோரிடம் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். குழுவுக்கு நிறத்தைப் பெயராக வையுங்கள், சதவீதப் பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

தேர்வு நாளில் அந்தச் சதவீதம் குறிப்பேட்டில் பையன் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வேகம், தாவல், உதைக்கும் வலு ஆகியவற்றைப் பட்டைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். 83இல் இருப்பவன் 20 மீட்டரில் 94இல் இருப்பவனிடம் தோற்பது செய்தியே இல்லை. தன் பட்டையிலும் கடைசி என்றால்தான் அது செய்தி. இதோடு பிறந்த தேதியையும் எழுதுங்கள், ஏனென்றால் தேர்வாளர் கண்ணை ஏமாற்றும் வேறொரு சாய்வு அதில் இருக்கிறது. ஜனவரியில் பிறந்தவனுக்கு டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஒரு வருட அனுபவம் கூட. அந்தச் சாய்வு எட்டு ஒன்பது வயதிலேயே இருக்கும். முதிர்ச்சிச் சாய்வு 11, 12க்குப் பிறகு தலைதூக்கும். பயோ-பேண்டிங் இரண்டாவதைத்தான் தொடுகிறது. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், பிறந்த வரிசைப்படி ஜெர்ஸி எண் கொடுத்ததும் தேர்வாளர்களின் வயதுச் சாய்வு மறைந்தது. தேதியைக் காகிதத்தில் மட்டும் கொடுத்தபோது மறையவில்லை. முதிர்ச்சிக்கும் இதே உத்தியை முயன்று பார்க்கலாம், செலவு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்தச் சதவீதத்தை வைத்து வயது மோசடி பிடிக்கப் போகாதீர்கள். பிசிசிஐ சிறுவர் கிரிக்கெட்டில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து டிடபிள்யூ3 முறையில் எலும்பு வயது பார்க்கிறது, அது வேறு வேலை. அதிலும்கூட ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களின் எலும்பு வயது பல வருடம் வேறுபடலாம். 13 வயதில் 95 சதவீதம் வளர்ந்துவிட்டவன் பொய்ச் சான்றிதழ் கொடுத்தவன் என்று பொருளில்லை, முந்தி வளர்ந்தவன், அவ்வளவுதான்.