அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பயந்து அம்மா வெளியே வருவதில்லை, ஏன்?

“செந்தூல் அடுக்குமாடியில் இருக்கிறோம். விவாகரத்தாகி அக்கா திரும்பி வந்ததிலிருந்து அம்மா கோயிலுக்கும் போவதில்லை. ஏன் இவ்வளவு பயம்?”

2000இல் வெளியான ஓர் ஆய்வில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களுக்குச் சங்கடமான டி-சட்டை போட்டு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர்.

ஆனால் அடுக்குமாடியில் கதை வேறு. லிஃப்டில் பெட்டியோடு வந்தவளை எல்லாரும் கவனித்திருப்பார்கள். அம்மா தவறாகக் கணிப்பது அவர்களுடைய மௌனத்தைத்தான். எதிர்வீட்டு ஆன்ட்டி சங்கடப்பட்டுக் கேட்காமல் இருப்பார். அம்மா அதை ஏளனம் என்று எடுத்துக்கொள்வார். அப்புறம் அம்மா ஒதுங்குவதைப் பார்த்து ஆன்ட்டியும் ஒதுங்குவார். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வருடம் போனது. நம்பிக்கையான ஒருவரிடம் அம்மாவே முதலில் சொல்லட்டும். புறம்பேசுகிறவர்கள் இருப்பார்கள்தான், எத்தனை பேர் என்பதாவது தெரியும்.