பலயாஜ் வளரும்போது கோடு விழாமல் இருக்க

கேள்வி: கருமையான தலைமுடிக்குப் பலயாஜ், அதாவது கீழ்ப்பகுதியைக் கற்றை கற்றையாக ப்ளீச் செய்து வெளிர் நிறமாக்குவது, செய்து எட்டு மாதமாகிறது. மறுபடி ப்ளீச் செய்ய விருப்பமில்லை. கோடு தெரியாமல் வளர விட வழி உண்டா?

வழி உண்டு. ஆனால் கடையில் விற்கும் கருப்புச் சாயப் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நான் அதைச் செய்துதான் பாடம் கற்றேன்.

மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் வசிக்கும் எனக்கு, பலயாஜ் செய்தபோது முடி இடுப்புக்குச் சற்று மேல் வரை இருந்தது. முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே எட்டு மாதத்தில், ப்ளீச் தொடங்கிய இடம் காதுக்குக் கீழே இறங்கி, அங்கே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு நின்றது. தைப்பூசக் காவடிக்காகக் கொண்டை போட்டபோது அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அவசரத்தில் முழுவதும் கருப்பைப் பூசினேன். ப்ளீச் ஆன முடியில் இயற்கையான சிவப்பு நிறமி போய்விட்டிருப்பதால், நுனிகள் பச்சை கலந்த சாம்பலாக மங்கின. சில வாரங்களில் அங்கங்கே வெளுத்துத் திட்டுத்திட்டாகவும் ஆயின.

பிறகு காத்ர் போர்னில் ஒரு சலூன்காரப் பெண்மணி சரிசெய்தார். அவர் வேரைத் தொடவே இல்லை. அம்மோனியா இல்லாத, நாளடைவில் மங்கும் டெமி பெர்மனன்ட் சாயத்தை, சாயத்தைப் பிடிக்கவைக்கும் திரவமான டெவலப்பரில், அதுவும் குறைந்த செறிவுள்ளதில் கலந்தார். சாய எண்களில் 1 கருப்பு, 10 மிக வெளிர் நிறம். என் வேர் 2, நுனி 8. அவர் தேர்ந்தெடுத்தது 5, அதுவும் பொன் கலந்த பழுப்பு, ஏனெனில் சாம்பல் சாயல் மறுபடி பச்சையைக் கொண்டுவரும். ஈர முடியில், கோட்டுக்குச் சற்று மேலே தொடங்கி, ஒரு கற்றையில் மூன்று விரல் நீளமும் அடுத்ததில் ஏழு விரல் நீளமுமாக ஏற்ற இறக்கத்தோடு பூசி, கீழ் ஓரத்தைச் சீப்பால் இழுத்துக் கரைத்தார். எல்லாக் கற்றையிலும் ஒரே உயரத்தில் நிறுத்தினால் பழைய கோட்டுக்குக் கீழே புதிய கோடு பிறக்கும். வீட்டில் முயல்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

முதலில் காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் சோதித்துப் பாருங்கள். ப்ளீச் ஆன முடி சாயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால், அந்தக் கற்றை எதிர்பார்த்ததைவிடக் கருமையாக வந்தால் ஓர் எண் கூட்டி எடுக்க வேண்டும். ஒவ்வாமைக்கான சோதனையையும் 48 மணி நேரத்துக்கு முன் தோலில் செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சாயம் சுமார் இருபது தடவை தலைக்குக் குளித்தால் மங்கிவிடும். நமது வெயிலும் கடல் நீரும் சேர்ந்தால் அதற்கு முன்பேகூட. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று மூன்று முறை பூசிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் நுனியில் இரண்டு விரல் வெட்டினேன். இடையில் நுனி ஆரஞ்சாக மாறியபோது நீல ஷாம்பூ போதுமானதாக இருந்தது. ஊதா ஷாம்பூ மஞ்சளை அடக்குமே தவிர, கருமுடியின் ஆரஞ்சுக்கு அவ்வளவாக உதவாது.