பெயர் இருந்தும் #N/A: அதையே தலைப்பாக்குங்கள்

"நாகர்கோவிலில் அலுவலகப் பணியாளர்களுக்கு எக்செல் பாடக் காணொளி செய்கிறேன். 'VLOOKUP முழு விளக்கம்' என்று தலைப்பு வைத்தேன், யாரும் திறப்பதில்லை. தலைப்பும் விவரமும் எப்படி எழுதுவது?"

ஃபார்முலாவின் பெயரை நினைத்துக்கொண்டு எல்லோரும் தேடுவதில்லை. திரையில் பிழையைப் பார்த்துப் பதறியவரும் தேடுவார். மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் கடைக்குக் கணக்கு எழுதியபோது, பட்டியலில் பெயர் கண்ணெதிரே இருந்தும் எனக்கு #N/A வந்தது. அரை நாள் போன பிறகுதான் தெரிந்தது, நான் தேடிய பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. தலைப்பு இப்படி இருக்கட்டும்: 'பெயர் இருந்தும் VLOOKUP-இல் #N/A வருகிறதா?'

விவரத்தில் முதல் ஓரிரு வரிகள்தான் மடங்காமல் தெரியும். அங்கே வணக்கம் வேண்டாம், தீர்வை வையுங்கள்:

```
=VLOOKUP(TRIM(A2),E:F,2,FALSE)
```

இது A2-இன் இடைவெளியை மட்டுமே நீக்கும். E நெடுவரிசையில் இடைவெளி இருந்தால் அங்கேயே நீக்க வேண்டும் என்பதையும் அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள்.