வேறு பிரிவு மேனேஜருக்கு மகள் எழுதும் மெயில்: தக்கலையிலிருந்து கேட்ட ஓர் அப்பாவுக்கு

ஐயா, உங்கள் மகள் நாகர்கோவிலில் ஒரு மென்பொருள் கம்பெனியின் கஸ்டமர் சப்போர்ட்டில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள், இப்போது அதே கம்பெனியின் டெஸ்டிங் பிரிவுக்கு மாற நினைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவு மேனேஜர் உங்கள் சபைக்காரர்தான், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் பேசினால் அது சிபாரிசாகிவிடும். அவர் நல்ல மனுஷராகவே இருக்கட்டும், நாளை அவளை எடுத்தால் 'சபை ஆள்' என்று ஆபீஸில் பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பயந்தே ஒதுங்கிவிடலாம். அதோடு நம் மாவட்டத்தில் யாருக்கு யார் சொந்தம் என்று சொல்ல முடியாது. மகளின் இப்போதைய மேனேஜர் காதுக்கு விஷயம் அந்த வழியாகப் போனால், மறுநாள் அவள் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. மெயிலை அவளே எழுதட்டும்.

எழுதுவதற்கு முன் கம்பெனியின் உள்மாற்ற விதியை அவள் வாசிக்க வேண்டும். ஹெச்.ஆர். பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் ஹெச்.ஆரிடம் பொதுவாகக் கேட்கலாம். இரண்டு விஷயம் பார்த்தால் போதும். இப்போதைய வேலையில் குறைந்தது எத்தனை மாதம் இருந்திருக்க வேண்டும்? மேனேஜருக்கு எந்தக் கட்டத்தில் தெரிவிக்க வேண்டும்? சில கம்பெனிகளில் விண்ணப்பிக்கும்போதே அவர் சம்மதம் தேவை, சிலவற்றில் தேர்வான பிறகு சொன்னால் போதும். முன்சம்மதம் தேவை என்றால் மெயிலுக்கு முன்பே மேனேஜரிடம் பேசியாக வேண்டும். கீழே சொல்வது அப்படி விதி இல்லாத இடத்துக்கு.

மகள் எழுதி வைத்திருக்கும் மெயிலையும் அனுப்பியிருந்தீர்கள். 'சப்போர்ட்டில் எனக்கு வளர்ச்சி இல்லை, மேனேஜர் வாய்ப்பே தருவதில்லை, இதை ரகசியமாக வைத்துக்கொள்ளவும்' என்று இருக்கிறது. அவள் மனக்குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆபீஸ் மெயில் கம்பெனியின் சொத்து. அதை ஃபார்வர்டு செய்ய ஒரு க்ளிக் போதும். அந்த இரண்டு மேனேஜர்களும் தினமும் ஒரே மேஜையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம். 'ரகசியம்' என்று எழுதினால், முன்பின் பழகாத ஒருவரைத் தன் சகாவிடம் மறைக்கச் சொல்வதாக ஆகிறது. இப்போதைய மேனேஜர் வாசித்தாலும் கூசாத மெயிலாக இருக்க வேண்டும்.

மாற்றி எழுதினால் இப்படி வரும். மொழி ஆபீஸ் வழக்கப்படி ஆங்கிலமாக இருக்கட்டும், விஷயம் இதுதான்:

'வணக்கம். நான் சப்போர்ட் பிரிவில் இரண்டு வருஷமாக இருக்கிறேன். வாடிக்கையாளர் புகார்களை மறுபடி செய்து பார்த்து, பிழை எங்கே வருகிறது என்று படிப்படியாக எழுதி உங்கள் குழுவுக்கு அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. அதைச் செய்யச் செய்ய டெஸ்டிங்கில் ஆர்வம் வந்தது. உங்கள் குழுவில் சேர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்க 15 நிமிடம் கிடைக்குமா? நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பிப்பதாக இருந்தால் முதலில் என் மேனேஜரிடம் நானே பேசிவிடுவேன்.'

கடைசி வரிதான் உயிர். ரகசியம் என்ற சொல்லே இல்லை, ஆனால் மேனேஜருக்குச் சொல்ல வேண்டியது தன் பொறுப்பு என்று அவள் சொல்லிவிடுகிறாள். முறை தெரிந்தவர் அதைப் புரிந்துகொள்வார். மெயில் வேலையைக் கேட்கவில்லை, பேச நேரத்தைத்தான் கேட்கிறது. அதனால் அவருக்கும் சரி என்று சொல்வது சுலபம். ரெஸ்யூமே இப்போது வேண்டாம், கேட்டால் கொடுக்கட்டும்.

தலைப்பில் 'டிரான்ஸ்ஃபர் கோரிக்கை' என்று போட வேண்டாம். 'டெஸ்டிங் வேலை பற்றி ஒரு சந்தேகம்' என்றால் போதும், பொய்யும் இல்லை. அவர் சரி என்றதும் காலண்டர் அழைப்பு வரும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சில ஆபீஸ்களில் குழுவினரின் காலண்டர் மேனேஜருக்கு அப்படியே தெரியும். அதனால் அங்கேயும் தலைப்பு சாதாரணமாக இருக்கட்டும்.

பேசிய பிறகு அவர் 'விண்ணப்பி' என்றால், அன்றோ மறுநாளோ அவள் தன் மேனேஜரிடம் போக வேண்டும். தள்ளிப்போட்டால் டீக்கடையில் யாராவது முந்திக்கொள்வார்கள். அங்கேயும் குறை சொல்ல வேண்டாம். 'இந்த இடத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன், கையில் இருக்கும் வாடிக்கையாளர் புகார் டிக்கெட்களை யாருக்கு, எப்படி ஒப்படைப்பேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்' என்று தாளைக் கொடுக்கட்டும். அவருடைய முதல் கவலை, ஆள் குறைந்தால் வேலை என்ன ஆகும் என்பதாகத்தான் இருக்கும்.

அவர் கோபப்பட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கோபம் வரலாம், விடுவிப்பதை ஒரு மாதம், இரண்டு மாதம் இழுக்கவும் செய்யலாம். அப்போது விதியில் உள்ள விடுவிப்புக் காலத்தைக் காட்டி ஹெச்.ஆரிடம் கேட்கலாம். மாற்ற உத்தரவு எழுத்தில் வரும்வரை அவள் சப்போர்ட் ஊழியர்தான், அந்த வேலையில் தொய்வு கூடாது. சம்பளம் ஏறும் என்று இப்போதே கணக்குப் போடாதீர்கள். ஒரே நிலையில் பக்கத்துப் பிரிவுக்கு மாறும்போது பெரும்பாலும் பழைய சம்பளமே தொடரும், அதையும் ஹெச்.ஆரிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளட்டும்.