ஒரே விபத்து, மூன்று அறிக்கை

ஐயா, நான் ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு அலுவலர். போன வாரம் இரவு ஷிப்டில், பஞ்சைச் சிக்கெடுக்கும் 7-ஆம் நம்பர் கார்டிங் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டது. தொழிலாளி மெஷினை ஆஃப் செய்துவிட்டு, மூடியைத் திறந்து கையை விட்டிருக்கிறார். உள்ளே சிலிண்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. மூடியின் சுவிட்ச்சை யாரோ கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரில் மூன்று வாரம் முன்பே ஒரு ஃபிட்டர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இப்போது யூனியன் செயலாளர், கம்பெனி வக்கீல், போர்டு மூன்று தரப்பும் என்னிடம் அறிக்கை கேட்கிறார்கள். "ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதிக் கொடு" என்கிறார் மேனேஜர். அப்படி எழுதினால் பொய் ஆகிவிடாதா?
– பெயர் வேண்டாம், கோவை மாவட்டம்

அன்புள்ள வாசகருக்கு,

ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதலாம். எதை முதலில் சொல்வது, எதை விரிவாகச் சொல்வது, எது இவருக்குத் தேவையில்லை என்பதெல்லாம் படிப்பவரைப் பொறுத்து மாறலாம். நடந்தது மாறக்கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எழுத உட்காரும்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். விபத்தால் ஒருவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். அவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அங்கேயும் விபத்து அறிக்கை போக வேண்டும். உறுப்பு இழப்பு என்றால் உடனடியாக. இவை உங்கள் ஆலையிலிருந்து ஏற்கெனவே போயிருக்கும் (போகவில்லை என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்). அவற்றின் நகலை வாங்கி மேஜை மேல் வையுங்கள். நீங்கள் எழுதப்போகும் மூன்றும் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும். அந்த அறிவிப்பிலேயே ஏதாவது தவறாக இருந்தால், உங்கள் அறிக்கையில் சத்தமில்லாமல் சரியானதை எழுதிவிட்டுப் போகாதீர்கள். திருத்தக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், யாருக்கும் அனுப்பாத ஒரு மூலப் பிரதியை எழுதுங்கள். நம்பர் போட்டு, ஒரு வரிக்கு ஒரு விஷயம், பக்கத்தில் அது எப்படித் தெரியும் என்ற குறிப்பு. நேரங்களை நான் கற்பனையாகப் போடுகிறேன், உங்களுடையதை நிரப்பிக்கொள்ளுங்கள்:

1. 2:31 – மெஷின் ஆஃப் செய்யப்பட்டது. (மெஷின் பேனல் பதிவு)
2. அதற்குச் சில நிமிடங்களில் மூடி திறக்கப்பட்டது. (பக்கத்து மெஷின் தொழிலாளி சொன்னது, அவர் கடிகாரம் பார்க்கவில்லை)
3. அப்போது சிலிண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. (அதே தொழிலாளி, சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்)
4. மூடியின் சுவிட்ச் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. (போட்டோ, 3:10)
5. கட்டியது யார், எப்போது – தெரியவில்லை.
6. சுவிட்ச் பற்றி ஃபிட்டர் எழுதிய குறிப்பு. (மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டர், தேதி, பக்கம்)
7. 2:44 – வண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. (கேட் ரிஜிஸ்டர்)

பேனல் கடிகாரமும் கேட்டில் மாட்டியிருக்கும் கடிகாரமும் ஒரே நேரம் காட்டாது. எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று இன்றைக்கே பார்த்துக் குறித்துவையுங்கள். நேரத்தை நீங்களாகக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டாம். பின்னாளில் யாராவது 13 நிமிடம் எதற்கு ஆனது என்று கேட்டால் பதில் அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் சேர்த்துவிடாதீர்கள். கார்டிங் சிலிண்டர் எவ்வளவு கனம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரன்ட் போன பிறகும் நிமிடக் கணக்கில் ஓடும். அது முழுசாக நிற்கும் வரை மூடி திறக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த சுவிட்ச்சே. போர்டில் உட்கார்ந்திருக்கும் ஆடிட்டருக்கு இது தெரியாது. "மெஷினை நிறுத்திவிட்டுத் திறந்தார்" என்று படித்தால் நின்ற மெஷினில் விரல் எப்படிப் போனது என்று குழம்புவார். இல்லையென்றால், அவசரப்பட்டுக் கையை விட்டிருக்கிறார் என்று தானே முடிவுகட்டிக்கொள்வார்.

இப்போது வக்கீலுக்கு. மூன்றில் நீளமானது இதுதான், முதலில் எழுத வேண்டியதும் இதுதான். மூலப் பிரதியை ஒரு வரி விடாமல், ஆலைக்குப் பாதகமானதையும் சேர்த்து, நம்பரோடு கொடுங்கள். 5-ஆம் வரி அவருக்கு மிக முக்கியம். இழப்பீட்டுச் சட்டத்தில் நெடுங்காலமாக ஒரு விலக்கு உண்டு. தொழிலாளி, பாதுகாப்புக்காக வைத்தது என்று தெரிந்தே ஒரு சாதனத்தை வேண்டுமென்று அகற்றி, அதனால் காயம் பட்டால் முதலாளிக்குப் பொறுப்பு இல்லை என்று வாதிடலாம். மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் அந்த வாதம் செல்லாது. உங்கள் ஆள் இ.எஸ்.ஐ.யில் இருந்தால் பணம் வரும் பாதையே வேறு. அதனால் அவர் நேரடித் தொழிலாளியா, கான்ட்ராக்டா, இ.எஸ்.ஐ. உண்டா என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கம்பியைக் கட்டியது யார் என்று தெரியாதபோது "தொழிலாளர்கள் சுவிட்ச்சைக் கட்டிவைப்பது வழக்கம்" என்று எழுதினீர்கள் என்றால், இல்லாத ஒரு வாதத்தை வக்கீல் கையில் கொடுத்ததாக ஆகும். அதை நம்பி அவர் பதில் மனு போடுவார், எதிர்த்தரப்பு ஃபிட்டரின் குறிப்பை எடுத்து நீட்டும்.

வக்கீலிடம் சொன்னது ரகசியம், அதனால் ரிஜிஸ்டரை அவரிடம் கொடுத்துவிட்டால் வெளியே வராது என்று சிலர் நினைக்கிறார்கள். சட்ட ஆலோசனைக்காக வக்கீலிடம் பேசுவதற்கும் எழுதுவதற்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் முன்பே இருந்த ஒரு ரிஜிஸ்டர், வக்கீல் அலுவலகத்துக்குப் போனதாலேயே ரகசியம் ஆகிவிடாது. அசல் ஆலையிலேயே பூட்டில் இருக்கட்டும், அவருக்கு நகல் போதும். அந்தப் பக்கத்தில் இனி யாரும் ஒரு எழுத்துகூடச் சேர்க்கக்கூடாது. "பார்த்தாகிவிட்டது" என்று பின்தேதியிட்டு எழுத யாருக்காவது கை பரபரக்கும், கவனமாக இருங்கள்.

யூனியன் செயலாளருக்கு. அவர் கேட்கப்போவது மூன்று விஷயம்: எங்கள் ஆளின் சம்பளமும் வைத்தியமும் என்ன ஆகும், இது அவர் தப்பு என்று எழுதப்போகிறீர்களா, நாளைக்கு 8-ஆம் நம்பர் மெஷினில் வேலை செய்பவருக்கு என்ன உத்தரவாதம். அறிக்கை அதே வரிசையில் போகட்டும். இ.எஸ்.ஐ.யில் வேலையில் பட்ட காயம் என்று பதிவானால், தற்காலிக ஊனத்துக்கு சராசரி தினக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அப்படிப் பதிவாகிவிட்டதா, எந்தத் தேதியில் என்பதை எழுதுங்கள். "ஆவன செய்யப்படும்" என்ற வரியை வைத்து அவர் என்ன செய்வார்? டாக்டர் எழுதிய விவரங்களை, அடிபட்டவர் சம்மதம் தந்தால் மட்டும் சேர்க்கலாம். யூனியன் அவருடையதுதான் என்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிக்கல் ரிஜிஸ்டர் குறிப்பில் வரும். அதை யூனியனுக்கான அறிக்கையில் எழுதலாமா என்று மேனேஜரும் வக்கீலும் கேட்பார்கள். இப்போதைக்கு எழுத வேண்டாம், விசாரணை முடியட்டும் என்று வக்கீல் சொன்னால் அது அவர் வேலை, கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அதை விட்டுவிட்டு எழுதும்போது மீதி வரிகள் பொய் சொல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். "சுவிட்ச் கட்டப்பட்டிருந்தது விபத்துக்குப் பிறகே தெரியவந்தது" என்று எழுதினால் அது பச்சைப் பொய். "சுவிட்ச் கட்டப்பட்டிருந்தது. எப்போதிலிருந்து, யாருக்குத் தெரியும் என்பது விசாரணையில் இருக்கிறது" என்றால் அது முழுசாக இல்லை, ஆனாலும் உண்மை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், குறிப்பைச் சொல்லிவிடுவதே மேல். எழுதிய ஃபிட்டரும் யூனியன் மெம்பராக இருக்க வாய்ப்புண்டு, செயலாளருக்கு அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

போர்டுக்கு ஒரு பக்கம் போதும். அடிபட்டவர் பெயர் வேண்டாம், பேனல் நேரங்கள் வேண்டாம். அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள். கம்பெனி நடத்தும் தொழிற்சாலைக்கு அதன் இயக்குநர்களில் ஒருவர்தான் சட்டப்படி ஆக்குபையர், அதாவது ஆலையின் மேல் இறுதிக் கட்டுப்பாடு உள்ளவர். மேனேஜரை ஆக்குபையர் என்று காட்டித் தப்பிக்க முடியாது என்பது 1996-இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வரை போய் முடிவானது. வழக்கு வந்தால் அந்த இயக்குநர் பெயரிலும் வரும். அதனால் ஃபிட்டரின் குறிப்பு இந்த ஒரு பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் மேல் பாதியில். கீழே இருப்பவர்கள் வழக்கமாக மறைக்க நினைப்பது இதைத்தான். "மூன்று வாரம் முன்பு எழுத்தில் வந்த எச்சரிக்கையின் மேல் நடவடிக்கை எடுத்ததற்கான பதிவு இல்லை" என்று எழுதுங்கள். நடவடிக்கையே இல்லை என்று எழுதாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது பதிவு இல்லை என்பது மட்டும்தான்.

மீதிப் பாதியில் போர்டு முடிவெடுக்க வேண்டியவை. ஆலையில் மொத்தம் எத்தனை கார்டிங் மெஷின், அவற்றில் எத்தனையில் சுவிட்ச் கட்டியிருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு செலவு, அதுவரை அவற்றை ஓட்டுவதா நிறுத்துவதா. இந்த எண்ணிக்கையை நீங்களே ஷெட்டுக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் தொட்டுப் பார்த்து எடுங்கள். பஞ்சு அடைக்கும்போதெல்லாம் சிலிண்டர் நிற்கக் காத்திருந்தால் உற்பத்தி குறையும், அதனால்தான் கம்பி கட்டுகிறார்கள் என்றால் அதையும் போர்டு தெரிந்துகொள்ளட்டும். அப்படி இருந்தால் புது சுவிட்ச்சுக்கும் ஒரு மாதத்தில் கம்பி வந்துவிடும்.

மூன்றையும் எழுதிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். வக்கீலுக்கு "கையை விட்டார்", யூனியனுக்கு "கை சிக்கியது", போர்டுக்கு "அஜாக்கிரதையாகக் கையை விட்டார்" என்று இருந்தால், ஒரே இரவுக்கு நீங்கள் மூன்று கதை சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரு நாள் ஆய்வாளர் மேஜையில் சேர்ந்தால் அங்கேதான் விரலை வைப்பார். "மூடியைத் திறந்தார், உள்ளே சுற்றிக்கொண்டிருந்த சிலிண்டரில் விரல்கள் பட்டன" என்பது மூன்றுக்கும் பொருந்தும். அஜாக்கிரதை என்பதற்கு மூலப் பிரதியில் நம்பர் இல்லை. நம்பர் இல்லாதது எதிலும் வரக்கூடாது.

அடிபட்டவர் இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவர் சொன்னதாக ஒன்றும் இல்லை. சிலிண்டர் நின்றுவிட்டது என்று நினைத்தாரா, கம்பி கட்டியது அவருக்குத் தெரியுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். மூன்று அறிக்கையிலும் "அவரது வாக்குமூலம் இன்னும் பெறப்படவில்லை" என்ற வரியும் அறிக்கையின் தேதியும் இருக்கட்டும். அவர் பேசியதும் முதலில் மூலப் பிரதியில் 8-ஆம் வரியாகச் சேருங்கள். பிறகு மூன்று தரப்புக்கும் ஒரே நாளில் பின்னிணைப்பு அனுப்புங்கள். பழைய அறிக்கைகளை திருத்தி எழுத வேண்டாம்.